நூலாகும் சீஸ், எண்ணெயாகும் சீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே அவன் அடுப்பு, ஒரே சூடு. மொசரெல்லா நூல் நூலாக இழுபடுகிறது, செடார் எண்ணெயாக வழிகிறது. இரண்டும் பாலில் இருந்து வந்த சீஸ்தானே?

பால்தான். ஆனால் பாலில் இருந்து இரண்டும் நடந்து வந்த வழி வேறு.

சீஸ் என்பது கேசீன் என்ற பால்புரதம் பின்னிய வலை. அந்த வலைக்கண்களில் கொழுப்பும் தண்ணீரும் அடைபட்டுக் கிடக்கின்றன. சூடு பட்டால் முதலில் இளகுவது கொழுப்பு. 40 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள் அது முழுக்க எண்ணெயாகிவிடும். புரத வலை அப்போதும் அசையாது. அது தளர்வதற்குக் கிட்டத்தட்ட 55, 60 டிகிரியாவது வேண்டும். ஆக, எந்த சீஸைச் சூடாக்கினாலும் ஒரு கட்டத்தில் உள்ளே எண்ணெய் வெளியேறத் தயாராக நிற்கும். அதன் பிறகு வலை எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புரத இழைகள் நீளமாக இருந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்தால் சீஸ் நூலாக இழுபடும். இழைகள் ஏற்கனவே துண்டு துண்டாக அறுபட்டிருந்தால் வலை சரிந்து எண்ணெயைக் கொட்டிவிடும். இழைகளைக் கட்டியிருக்கும் முடிச்சுகள் மிகவும் இறுகியிருந்தால் எதுவும் நகராது. அப்போது சூட்டில் வலை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும், மிஞ்சுவது ரப்பர்.

அந்த முடிச்சு என்பது என்ன?

கால்சியம். பாலில் கேசீன் தனி இழையாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் ஒரு சிறு உருண்டையாகச் சேர்ந்திருக்கும். அவற்றை உள்ளே ஒட்டிவைக்கும் பசை கால்சியம் பாஸ்பேட். ரென்னெட் என்ற நொதியைப் பாலில் விட்டால், அது இந்த உருண்டைகளின் மேல் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சிரைத்துவிடுகிறது. அதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் திரள்கிறது. அந்தப் புதுத் திரளில் கால்சியம் அப்படியே இருக்கிறது. அதை வெந்நீரில் போட்டு இழுத்துப் பாருங்கள், இழுபடாது, அறுந்து வரும்.

இங்கேதான் புளிப்பு வருகிறது. சீஸில் விட்ட பாக்டீரியா பால்சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் கூடக்கூட கால்சியம் பாஸ்பேட் கரைந்து, திரளில் இருந்து பிரியும் தெளிநீரோடு வெளியேறும். புளிப்பு ஏற ஏற இறங்கும் பிஎச் அளவு பாலில் சுமார் 6.6. திரள் 5.2, 5.3 வரை இறங்கும்போது, இழைகள் பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளப் போதுமான கால்சியமும் இருக்கும், நகர்வதற்குப் போதுமான தளர்ச்சியும் இருக்கும். மொசரெல்லாவின் உயிர்நாடி இந்தக் குறுகிய இடைவெளிதான்.

சீஸ் செய்பவர்கள் மீட்டரை மட்டும் நம்புவதில்லை. திரளில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சுடுநீரில் முக்கி, பிசைந்து, இழுத்துப் பார்ப்பார்கள். அறுந்தால் இன்னும் நேரம் வேண்டும். பளபளவென்று துணிபோல நீண்டால் தயார். இந்தச் சோதனையைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டு, திரளை இரவு முழுக்கப் புளிக்கவிட்டவன் நான். காலையில் வெந்நீரில் போட்டால் மணல் மணலாகக் கரைந்துபோனது. பிஎச் 5-க்கும் கீழே போய்விட்டால் முடிச்சே இல்லாத வலை. இழுக்க அங்கே எதுவும் மிஞ்சாது.

வீட்டில் எலுமிச்சை அமிலத்தை நேராகப் பாலில் கலந்து "அரைமணி நேர மொசரெல்லா" செய்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: சிட்ரிக் அமிலம் கால்சியத்தைத் தானே கவ்விக்கொள்ளும். அதனால் அந்த முறையில் பிஎச் 5.6, 5.7-லேயே திரள் இழுபடத் தொடங்கும். 5.2 வரும்வரை காத்திருந்தால் கெட்டுவிடும்.

வெந்நீரில் போட்டு இழுப்பது, பிசைவது எல்லாம் வடிவம் தருவதற்குத்தானா?

வடிவம் ஓர் உபரி லாபம். உண்மையில் நடப்பது இழைகளை வரிசைப்படுத்துவது.

70, 80 டிகிரி நீரில் திரளைப் போட்டு, அது உள்ளே 55 முதல் 65 டிகிரிவரை சூடானதும் மடித்து மடித்து இழுக்கிறார்கள். தாறுமாறாகக் கிடந்த புரதம் எல்லாம் ஒரே திசையில் நாராக நீள்கிறது. வேகவைத்த கோழி மார்புக்கறியைப் பிய்த்தால் நார் நாராக வருமே, அதைப் போல. நல்ல மொசரெல்லாக் கட்டியைக் குளிர்ந்த நிலையிலேயே பிய்த்துப் பாருங்கள், திசை தெரியும். நார்களுக்கு இடையிலுள்ள நீண்ட வாய்க்கால்களில் கொழுப்பும் தண்ணீரும் தங்கிவிடும். பீட்சாவின்மேல் சூடாகும்போது நார்களுக்கு இடையே எண்ணெய் இருப்பதால் அவை ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கும், அதே சமயம் நார் முழுசாக இருப்பதால் அறாது.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயமும் நடக்கிறது. அந்த வெந்நீர்ச் சூட்டில், திரளில் மிச்சமிருந்த ரென்னெட்டின் பெரும்பகுதி செயலிழந்துவிடும், பாக்டீரியாவும் குறையும். எனவே பிற்பாடு குளிர்பெட்டியில் புரதம் அறுபடுவது மெதுவாகவே நடக்கிறது. செடாருக்கு இந்த வெந்நீர்க் குளியல் கிடையாது. அதன் விளைவைக் கீழே பார்க்கலாம்.

செடாரும் பிஎச் 5.2 பக்கம்தான் என்று படித்தேன். அப்படியானால் அதுவும் இழுபட வேண்டுமே?

சரியான பிடி. கால்சியத்தோடு மட்டும் கணக்கை முடித்துக்கொள்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு மாத வயதுள்ள இளம் செடார் ஓரளவுக்கு இழுபடவும் செய்யும். பிரச்சினை வயதில் இருக்கிறது. செடாரில் திரளைப் பொடித்து, உப்புச் சேர்த்து, அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் பழுக்க வைக்கிறார்கள். ரென்னெட் உயிரோடு இருக்கிறது, பாக்டீரியாவின் நொதிகளும் இருக்கின்றன. இவை நாள்தோறும் கேசீன் இழைகளைக் கத்தரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தரிப்பில் விழும் சின்னத் துணுக்குகள்தான் பழுத்த செடாருக்கு அந்தக் காரசாரமான சுவையைத் தருகின்றன. சுவைக்குக் கொடுக்கும் விலை நீளம். ஓராண்டுச் செடாரில் நீண்ட இழை என்று சொல்ல அதிகம் இருக்காது.

அப்படிப்பட்ட வலை சூடானதும் சட்டென்று சரிகிறது. கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டையாக மேலே வந்து நிற்கும். கொழுப்பு கைவிட்ட புரதம் அடியில் சுருங்கிக் கெட்டியாகும். எண்ணெயும் ரப்பரும் ஒரே தட்டில் ஒன்றாகத் தெரிவது அதனால்தான். அவை எதிரெதிர் கோளாறுகளல்ல, வலை கைவிட்டதன் இரண்டு பக்கங்கள்.

பனீர், ஹலூமி எல்லாம் தோசைக்கல்லில் போட்டாலும் உருகுவதில்லையே?

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

ஹலூமி ரென்னெட்டால் திரட்டிய சீஸ்தான். ஆனால் புளிக்க விடாமலே, திரளைத் தெளிநீரில் 90 டிகிரிக்கு மேல் வேகவைக்கிறார்கள். கால்சியம் அதிகம் வெளியேறுவதில்லை, முடிச்சுகள் எல்லாம் இறுகியபடி. எனவே வதக்கினால் வெளியே சிவக்கும், உள்ளே மெத்தென்று நிற்கும், பல்லில் கீச்சென்று சத்தம் போடும்.

பனீர் சூட்டாலும் அமிலத்தாலும் திரண்டது. பாலைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது, சாதாரண சீஸில் தெளிநீரோடு வெளியே போய்விடும் மற்றப் புரதங்கள் விரிந்து கேசீனோடு கந்தகப் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். கால்சியப் பிணைப்பு சூட்டில் தளர்ந்து இடம் கொடுக்கும், கந்தகப் பிணைப்பு கொடுக்காது. எவ்வளவு சூடாக்கினாலும் அது காயும், கருகும், உருகாது.

பீட்சாமேல் வரும் அந்தப் பழுப்புப் புள்ளிகள், வெள்ளை நடுவே சிறுத்தைத் தோல் மாதிரி, எப்படி வருகின்றன?

எனக்குப் பிடித்த பகுதி இது. இழுபடும் தன்மையும் பழுப்பாகும் தன்மையும் தனித்தனி என்றே பலரும் நினைக்கிறார்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவது வருவதே இல்லை, குறைந்தபட்சம் அந்தப் புள்ளி வடிவத்தில் வராது.

அவனுக்குள் என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பாருங்கள். சீஸுக்குக் கீழே தக்காளிச் சாறு கொதிக்கத் தொடங்குகிறது. சீஸில் இருக்கும் தண்ணீரும் ஆவியாகிறது. அந்த ஆவி மேலே வர வழி தேடும். மேலே உருகிய சீஸ் ஒரு நீட்சியுள்ள தோலாக மூடியிருக்கிறது. தோல் கிழியாமல் உப்பிக் கொடுத்தால் கொப்புளம் எழும். கொப்புளத்தின் உச்சியில் சீஸ் மெல்லிசாக நீண்டிருக்கும், அதன் மேலிருக்கும் எண்ணெய் சரிந்து பள்ளத்துக்கு ஓடிவிடும். எண்ணெய்ப் படலம் போனதும் உச்சியில் இருக்கும் ஈரம் வேகமாக ஆவியாகும், அந்த இடம் மட்டும் காய்ந்து நூறு டிகிரியைத் தாண்டும். அதன்பிறகுதான் பழுப்பு ஏறும். பள்ளத்தில் எண்ணெய் தேங்கியிருப்பதால் ஈரம் போகாது, அங்கே வெள்ளையாகவே நிற்கும். சிறுத்தைத் தோலின் கதை அவ்வளவுதான்.

2014-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இதை ஒழுங்காகவே சோதித்தார்கள். மொசரெல்லா, செடார், கோல்பி, எடாம், எமெண்டால், குரூயேர், புரோவலோன் ஆகியவற்றை ஒரே விதமாகச் சுட்டு, மேற்பரப்பைப் படமெடுத்துப் பழுப்பின் பரவலை அளந்தார்கள். செடார், கோல்பி, எடாம் மூன்றிலும் கொப்புளமே சரியாக எழவில்லை, நீட்சி போதவில்லை. குரூயேர், எமெண்டால் போன்றவற்றில் நீட்சி இருந்தும் எண்ணெய் அதிகமாகப் பிரிந்து மேலே மூடிக்கொண்டதால் பழுப்பு குறைந்தது. கொப்புளம் எழவும் வேண்டும், அதன் உச்சியிலிருந்து எண்ணெய் விலகவும் வேண்டும். மொசரெல்லா இந்த இரண்டையும் ஒருங்கே செய்தது.

பழுப்பு நிறத்துக்கு இன்னொரு சாமானும் தேவை, சர்க்கரை. புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாக்குவதை மையார் வினை என்கிறார்கள். ரொட்டித் தோல் சிவப்பதும் அதனால்தான். மொசரெல்லாவில் விடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியா, பால்சர்க்கரையை இரண்டாக உடைத்து, குளுக்கோஸைத் தான் தின்றுவிட்டு கேலக்டோஸைப் பெரும்பாலும் வெளியே துப்பிவிடும். கேலக்டோஸோ மையார் வினையில் குளுக்கோஸைவிடச் சுறுசுறுப்பானது. ஆகவே பழுப்பு குறைவாக வேண்டும் என்று விரும்பும் உற்பத்தியாளர்கள், கேலக்டோஸையும் தின்னும் லாக்டோபேசிலஸ் ஹெல்வெட்டிகஸைக் கூட்டிச் சேர்ப்பார்கள். அவன் சூட்டுக்குக் கருகிவிடாத சீஸ் வேண்டும் என்று பெரிய பீட்சாக் கூடங்கள் கேட்பது நடக்கும் விஷயம்தான். நீங்கள் வாங்கும் ஒரு பாக்கெட் மற்றதைவிடச் சீக்கிரம் சிவந்தால், உங்கள் அவனைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மொசரெல்லா தீர்ந்துபோய் முழுக்கச் செடார் போட்டுச் செய்தேன். மேலே எண்ணெய்க் குளம், கீழே தோல் மாதிரி ஒன்று. நான் என்ன தப்பு செய்தேன்?

சீஸைத் தேர்ந்தெடுத்ததைத் தவிர ஒன்றுமில்லை. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

30 சென்டிமீட்டர் பீட்சாவுக்கு 150 கிராம் சீஸ் என்று வைத்துக்கொள்வோம். செடாரில் தோராயமாக 33 சதவீதம் கொழுப்பு, 37 சதவீதம் தண்ணீர், 25 சதவீதம் புரதம். 150 கிராமில் கொழுப்பு 50 கிராம், புரதம் 37 கிராம். அடுத்து, பீட்சாவுக்கென்றே வரும் ஈரம் குறைந்த, பாதி ஆடை நீக்கிய மொசரெல்லா. அதில் சுமார் 21 சதவீதம் கொழுப்பு, 47 சதவீதம் தண்ணீர், புரதம் அதே 25 பக்கம். கொழுப்பு 32 கிராமுக்குள் அடங்கிவிடும்.

புரதம் இரண்டிலும் ஒரே அளவு. ஆனால் செடாரில் ஒவ்வொரு கிராம் புரதமும் கிட்டத்தட்ட 1.3 கிராம் கொழுப்பைச் சுமக்க வேண்டும், மொசரெல்லாவில் சுமை 0.85 கிராம்தான். சுமையும் கூடுதல், சுமக்கிற வலையும் கத்தரிபட்டது.

250 டிகிரி அவனில் உங்கள் பீட்சாவுக்கு நடந்தது இதுதான். சீஸ் 40 டிகிரியைத் தொட்டதும் 50 கிராம் கொழுப்பும் எண்ணெயாகிறது. 60 பக்கம் வலை தளர்கிறது, தளர்ந்த கையோடு சரிந்துவிடுகிறது. எண்ணெய் மேலே மிதக்கிறது. அதன்பின் கீழேயிருந்து ஆவி வரும்போது உப்பிக் கொடுக்கத் தோல் இல்லை. ஆவி சின்னச் சின்ன ஓட்டை போட்டு எண்ணெய் வழியே குமிழியிட்டு வெளியேறுகிறது. அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருந்தால், எண்ணெய்ச் சட்டியில் பொரிவதுபோலச் சிறு குமிழிகள் தெரிந்திருக்கும். பெரிய கொப்புளம் ஒன்றும் இருந்திருக்காது. நிறம் வரவில்லையே என்று இன்னும் நான்கு நிமிடம் விட்டிருப்பீர்கள். அந்த நான்கு நிமிடத்தில் அடியிலிருந்த புரதம் மிச்சத் தண்ணீரையும் இழந்து தோலானது.

சீஸ் மேலே சின்னக் குமிழி மட்டும் சளசளக்கிறது, கொப்புளம் எழவில்லை என்றால், காத்திருப்பதில் பயனில்லை. எடுத்துவிடுங்கள். எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றிச் சாப்பிடலாம், சுவைக்கு ஒன்றும் குறைவில்லை.

தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா உருண்டை போட்டேன். பீட்சா நடுவில் குளம் கட்டிவிட்டது.

அதில் தண்ணீர் 60 சதவீதம் வரை இருக்கும். ஈரம் குறைந்த வகைக்கு அமெரிக்கச் சட்டமே 45-க்கு மேல் 52 வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. 125 கிராம் உருண்டையில் 75 மில்லி தண்ணீர் என்றால், 47 சதவீத வகையில் 59 மில்லிதான். வித்தியாசம் ஒரு மேசைக்கரண்டிதான், ஆனால் புது உருண்டையில் அந்தத் தண்ணீர் புரதத்தோடு இன்னும் ஒட்டாமல் வாய்க்கால்களில் தளும்பிக்கொண்டிருக்கும். சூடு பட்டதும் அப்படியே வெளியே வரும்.

நேப்பிள்ஸ் பாணியில் அது பிரச்சினையாவதில்லை, ஏனென்றால் அங்கே அவன் 430 டிகிரிக்கும் மேல், பீட்சா உள்ளே இருப்பது ஒன்று ஒன்றரை நிமிடம். 250 டிகிரியில் எட்டு நிமிடம் இருக்கும் பீட்சாவுக்கு, உருண்டையைப் பிய்த்து, வடிகட்டியிலோ துணியிலோ அரைமணி நேரம் வடியவிட்டு, பாதி வெந்தபிறகு போடுங்கள்.

சுடச்சுட நன்றாக இழுபட்டது. பத்து நிமிடம் கழித்து ரப்பர். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மோசம்.

இழுபடும் தன்மைக்கு ஒரு வெப்ப வரம்பு உண்டு. சுமார் 60 முதல் 75 டிகிரிக்குள் மொசரெல்லா நூலாகும். அதற்குக் கீழே வலை மீண்டும் இறுகிவிடும், கொழுப்பும் கெட்டியாகத் தொடங்கும். ஆறிய சீஸ் கெட்டியாவது கோளாறு இல்லை, இயல்பு.

மைக்ரோவேவின் கதை வேறு. சூடு அளவுக்கு மீறி ஏற ஏறப் புரதங்களில் தண்ணீருக்குப் பிடிக்காத பகுதிகள் ஒன்றையொன்று நெருங்கும், கால்சியமும் கேசீனோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். வலை ஒரு கை மூடுவதுபோல மூடி, உள்ளே இருந்த நீரைப் பிழிந்துவிடும். முதல் முறை அவனில் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கும், இரண்டாம் முறை இன்னும் போகும். பிழியப்பட்ட நீர் ஆறும்போது திரும்பிப் போகாது. மூடிபோட்ட வாணலியில், அடுப்பை மெதுவாக வைத்து, ஓரமாகச் சில துளி நீர் தெளித்துச் சூடாக்குங்கள். மேல்பக்கம் ஆவியில் தளரும், அடி மொறுமொறுப்பாகும்.

பாக்கெட்டில் துருவி வரும் சீஸ் ஏன் தனித்தனியாக நின்று காய்ந்துவிடுகிறது?

ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதன்மேல் செல்லுலோஸோ மாவுச்சத்தோ தூவியிருப்பார்கள். சூட்டிலும் அந்தத் தூள் ஒட்டவிடாமல் தடுக்கும். கொழுப்பு குறைத்த வகையென்றால் இன்னும் மோசம், இளகி இணைவதற்கு முன்பே ஒவ்வொரு துருவலும் மேலே காய்ந்து கருகும். முன்னே எண்ணெயைத் திட்டினேன், ஆனால் எண்ணெய் கொஞ்சமும் இல்லாவிட்டாலும் நடக்காது. துருவலில் ஒரு கரண்டி எண்ணெய் பிசிறிப் போட்டால் தேறிவிடும். கட்டியாக வாங்கித் துருவுவது அதைவிட நல்லது.

ஸ்லைஸ் சீஸ் அழகாக உருகுகிறது, எண்ணெயும் பிரிவதில்லை. அதையே பீட்சாவுக்குப் போட்டால் என்ன?

உருகும். இழுபடாது, கொப்புளமும் வராது.

ஸ்லைஸாக வரும் பதப்படுத்திய சீஸின் சூட்சுமம் சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்ற உப்புகள். 1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் இந்த வழியைக் கண்டார்கள். 1916-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்த உப்புகள் கேசீனிடமிருந்து கால்சியத்தைப் பிடுங்கி, அந்த இடத்தில் சோடியத்தை வைக்கின்றன. முடிச்சு அவிழ்ந்த கேசீன் தண்ணீரில் கலைந்து, ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் போர்த்திக்கொள்கிறது. எண்ணெய் பிரிய வழியில்லை. ஆனால் முடிச்சே இல்லாத வலையில் நார் ஏது? குழம்புபோல வழியும், அவ்வளவுதான்.

பாஸ்தாவுக்கு சீஸ் சாறு செய்பவர்களுக்கு இதே வித்தை கைகொடுக்கும். 100 கிராம் பழுத்த செடாருக்கு 2 முதல் 3 கிராம் சோடியம் சிட்ரேட்டைக் கொஞ்சம் சூடான தண்ணீரில் கரைத்து, துருவிய சீஸைப் பிடி பிடியாகப் போட்டுக் கலக்கினால் எண்ணெய் பிரியாது. எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் வேறு பொருள், மாற்றிப் போட்டால் புளித்துத் திரிந்துவிடும்.

மொசரெல்லா எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லதுதானே?

பீட்சாவுக்கு அப்படி இல்லை. ஈரம் குறைந்த மொசரெல்லா செய்த முதல் சில நாளில் விறைப்பாக இருக்கும். உருகும்போது நீர் விடும், இழுத்தால் அறும். குளிர்பெட்டியில் இரண்டு, மூன்று வாரம் கிடக்கும்போது வாய்க்கால்களில் இருந்த நீரைப் புரதம் உறிஞ்சிக்கொள்கிறது, மிச்சமுள்ள நொதிகள் அங்கங்கே லேசாகக் கத்தரிக்கின்றன. அந்த அளவான கத்தரிப்பு நார்களை வழுக்க வைக்கிறது.

அதன்பின்னும் விட்டுவைத்தால் அதே வேலை கேடாகிறது. இரண்டு மாதம் கடந்த கட்டி, வெட்டும்போதே கத்தியில் பசைபோல ஒட்டும், துருவினால் கட்டிகட்டியாகும். அவனில் கூழாக ஓடும், எண்ணெயும் பிரியும், உடைபட்ட அமினோ அமிலங்கள் கூடியிருப்பதால் சட்டென்று கருகவும் செய்யும். செடார் ஓராண்டில் போன பாதையை மொசரெல்லா இரண்டு மாதத்தில் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டியைப் பீட்சாவுக்கு விடாதீர்கள், சாஸில் கரைத்துவிடுங்கள்.

சுவைக்குச் செடார், நூலுக்கு மொசரெல்லா. கலந்தால் இரண்டும் கிடைக்குமா?

கிடைக்கும், அளவு தப்பாத வரை. நான் மூன்று பங்கு மொசரெல்லாவுக்கு ஒரு பங்கு செடார் வைப்பேன். மேலே சொன்ன 150 கிராமில் 112 கிராம் மொசரெல்லா, 38 கிராம் செடார். மொத்தக் கொழுப்பு சுமார் 36 கிராம். வலையில் முக்கால்வாசி முழு நார் இருப்பதால் அது தாங்கும். பாதிக்குப் பாதி என்று போனால் 41 கிராமாகும். அதைவிட, நார் பாதியாகக் குறைந்துவிடுவதால் கொப்புளங்கள் சிறுத்துப் பழுப்பும் மங்கிவிடும்.

செடார் ஆறு மாதத்துக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் பழுத்தது என்றால் ஆறில் ஒரு பங்கு போதும். பார்மெசான் மாதிரி காய்ந்த சீஸை உருகும் என்று எதிர்பார்த்துக் கலக்காதீர்கள். அதில் தண்ணீரும் குறைவு, நாரும் இல்லை. வெளியே எடுத்தபின் துருவித் தூவுங்கள். செடாரை அடியில், மொசரெல்லாவை மேலே போட்டால் இன்னும் நல்லது. கொப்புளம் எழுப்ப வேண்டிய தோல் மேலே இருக்கும், செடாரின் எண்ணெய் சாற்றோடு கலந்து கீழேயே அடங்கிவிடும்.